எல்லாக் கூற்றுகளும் ஒரே திசையில் இழுக்கின்றனவா? குரோன்பாக் ஆல்ஃபா பற்றி ஓர் எளிய விளக்கம்

கேள்வித்தாள் தயாராகிவிட்டது, பதில்களும் வந்து சேர்ந்துவிட்டன, எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றியாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் வழிகாட்டி கேட்கும் முதல் கேள்வி அநேகமாக "ஆல்ஃபா எவ்வளவு வந்தது?" என்பதுதான். மென்பொருளில் நாலு சொடுக்கு சொடுக்கினால் எண் வந்துவிடும். 0.7க்கு மேலே என்றால் நிம்மதி, கீழே என்றால் கலக்கம். ஆனால் அந்த எண் எதிலிருந்து பிறக்கிறது, எப்போது அதை நம்பலாம், எப்போது அது ஏமாற்றும் என்பது ஆய்வை முடித்து வெளியே வந்த பிறகும் பலருக்குத் தெளிவாக இருப்பதில்லை. கூட்டல், கழித்தல், ஒரு வகுத்தல், இவ்வளவு கணக்கு போதும் இதைப் புரிந்துகொள்ள. ஒரு சின்னத் தரவை எடுத்து முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மாணவருக்குத் தேர்வு என்றால் எவ்வளவு பதற்றம் என்று அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "உங்களுக்குத் தேர்வுப் பதற்றம் உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பதில் பல காரணங்களால் பிசகும். ஒருவர் 'பதற்றம்' என்பதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். இன்னொருவர் அவசரத்தில் பக்கத்துக் கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். அதனால்தான் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிப் பல கூற்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் பொருந்தாது) முதல் 5 (முழுக்கப் பொருந்தும்) வரை மதிப்பெண் வாங்கி, கடைசியில் கூட்டிக்கொள்கிறோம். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த முறை இது. ஒரு கூற்றில் மேலே பிசகியது இன்னொன்றில் கீழே பிசகும், கூட்டும்போது பிசகுகள் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதுதான் இதன் அடிப்படை.

ஆனால் கூட்டுவதற்கு முன்னால் ஒரு நியாயம் காட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கூற்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றனவா? ஒன்றில் அதிக மதிப்பெண் போட்டவர் மற்றவற்றிலும் பொதுவாக அதிகம் போட்டிருக்கிறாரா? அப்படி இல்லையென்றால் கூட்டி வரும் மொத்தத்துக்கு ஒரு பொருளும் கிடையாது. இப்படிச் சேர்ந்து நகர்வதைத்தான் உள் ஒத்திசைவு என்கிறோம். அதை ஒரே எண்ணில் சொல்வதற்கு அதிகம் பயன்படுவது குரோன்பாக் ஆல்ஃபா.

எடுத்துக்கொள்ளும் தரவு

நம் அளவுகோலில் ஐந்து கூற்றுகள்.

க1: தேர்வுக்கு முந்தைய இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை.
க2: வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நெஞ்சு படபடக்கிறது.
க3: படித்ததெல்லாம் மறந்துபோய்விடுமோ என்று பயப்படுகிறேன்.
க4: தேர்வு அறையில் நான் நிதானமாக இருக்கிறேன்.
க5: தேர்வுக்காக நான் பல மணி நேரம் படிக்கிறேன்.

ஆறு பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். கையால் கணக்குப் போட வசதியாக நானே உண்டாக்கிய எண்கள் இவை. உண்மையான ஆய்வை ஆறு பேரை வைத்து நடத்த முடியாது, எண்களும் இவ்வளவு ஒழுங்காக வராது.

| | க1 | க2 | க3 | க4 | க5 |
|---|---|---|---|---|---|
| அ | 5 | 5 | 4 | 1 | 3 |
| ஆ | 4 | 5 | 4 | 2 | 2 |
| இ | 4 | 3 | 3 | 2 | 5 |
| ஈ | 2 | 3 | 3 | 3 | 3 |
| உ | 2 | 1 | 2 | 5 | 4 |
| ஊ | 1 | 1 | 2 | 5 | 1 |

எதையும் கணக்கிடுவதற்கு முன் இந்தக் கட்டங்களைக் கண்ணால் ஒருமுறை மேய்ந்துவிடுவது நல்லது. க1, க2, க3 மூன்றும் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அ அதிகம் பதறுபவர், ஊ அலட்டிக்கொள்ளாதவர். க4 மட்டும் கீழே போகப் போக ஏறுகிறது. க5 எந்த ஒழுங்குக்கும் வராமல் அங்கங்கே தாவுகிறது. ஆல்ஃபா நமக்குச் சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்று விஷயங்களைத்தான். நூற்றைம்பது பேர், இருபது கூற்றுகள் என்று வந்துவிட்டால் கண் போதாது, அதற்காகத்தான் கணக்கு.

ஆல்ஃபா எதைப் பார்க்கிறது

இங்கே தேவைப்படும் ஒரே புள்ளியியல் அளவு பரவற்படி. பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் எண் அது. எல்லோரும் ஒரே பதில் சொன்னால் பரவற்படி பூஜ்யம். ஆளுக்கொரு பக்கம் நின்றால் அது பெரிதாகும்.

இரண்டு விதச் சிதறலை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆல்ஃபாவின் சூட்சுமம். ஒன்று, ஒவ்வொரு கூற்றின் பரவற்படியையும் தனித்தனியாகக் கண்டு கூட்டினால் வருவது. இன்னொன்று, ஒவ்வொருவரின் மொத்த மதிப்பெண்ணையும் எடுத்து, அந்த மொத்தங்களுக்குக் காணும் பரவற்படி.

கூற்றுகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை என்றால் இந்த இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். ஒருவர் ஒன்றில் 5 போடுவார், அடுத்ததில் 1 போடுவார், எல்லோருடைய மொத்தமும் நடுவிலேயே வந்து குவியும். கூற்றுகள் சேர்ந்து நகர்ந்தால் கதை மாறுகிறது. எல்லாவற்றிலும் 5 போடுபவரின் மொத்தம் மிக மேலே போகும், எல்லாவற்றிலும் 1 போடுபவரின் மொத்தம் மிகக் கீழே போகும். மொத்தங்கள் அகலமாகச் சிதறுவதால் இரண்டாவது எண் முதலாவதைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடும். எத்தனை பெரிதோ அத்தனை ஒத்திசைவு.

சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது:

```
ஆல்ஃபா = k/(k-1) × (1 - கூற்றுகளின் பரவற்படிகளின் கூட்டுத்தொகை / மொத்தத்தின் பரவற்படி)
```

இதில் k என்பது கூற்றுகளின் எண்ணிக்கை. முன்னால் நிற்கும் k/(k-1) பலரை மிரட்டும், ஆனால் அது வெறும் சரிக்கட்டல்தான். ஐந்து கூற்றுகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி பதில் பெற்றாலும், அடைப்புக்குறிக்குள் இருப்பது 0.8க்கு மேல் போகாது. அதை 5/4ஆல் பெருக்கினால் 1 ஆகிவிடும். முழு ஒத்திசைவு என்றால் 1 என்று வர வேண்டுமே, அதற்காக மட்டும்தான் அந்தப் பெருக்கல்.

எக்செல்லில் செய்ய, ஆறு பேரும் 2 முதல் 7 வரையிலான வரிசைகளிலும், ஐந்து கூற்றுகளும் B முதல் F வரையிலான பத்திகளிலும் இருந்தால் இவ்வளவுதான்:

```
G2:  =SUM(B2:F2)
B8:  =VAR.S(B2:B7)
H8:  =(5/4)*(1-SUM(B8:F8)/G8)
```

முதல் சூத்திரத்தை G7 வரை கீழே இழுக்க வேண்டும், இரண்டாவதை G8 வரை பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஆல்ஃபா H8இல் நிற்கும்.

சரி, நம் தரவுக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து கூற்றுகளின் பரவற்படிகள் முறையே 2.4, 3.2, 0.8, 2.8, 2.0. கூட்டினால் 11.2. ஆறு பேரின் மொத்தங்கள் 18, 17, 17, 14, 14, 10. இவற்றின் பரவற்படி 8.8 மட்டுமே. தொடர்பே இல்லாத கூற்றுகளுக்குக்கூட 11.2 வந்திருக்க வேண்டும், நமக்கு அதற்கும் கீழே. ஆல்ஃபா −0.34.

எதிர்மறை எண் வந்தால்

ஆல்ஃபா பூஜ்யத்துக்குக் கீழே போனால் பெரும்பாலும் கேள்வித்தாள் கெட்டுப்போயிருக்காது. ஏதோ ஒரு கூற்று தலைகீழாக நிற்கிறது, அதை யாரும் திருப்பிப் போடவில்லை. இங்கே அது க4. 'நிதானமாக இருக்கிறேன்' என்பதற்கு 5 போடுபவர் பதற்றம் குறைந்தவர். மற்ற கூற்றுகளில் 5 என்பது பதற்றம் அதிகம் என்று பொருள்படுகிறது. இரண்டையும் அப்படியே கூட்டும்போது பதற்றம் மிகுந்தவர் மூன்று கூற்றுகளில் ஏறி நான்காவதில் இறங்கிவிடுகிறார். மொத்தங்கள் எல்லாம் நடுவே நெருங்கி வந்துவிடுகின்றன.

இப்படி எதிர்த்திசையில் எழுதப்பட்ட கூற்றைக் கேள்வித்தாளில் சேர்ப்பது வேண்டுமென்றே செய்வதுதான். படிக்காமலே எல்லாவற்றுக்கும் 4, 4, 4 என்று டிக் அடித்துக்கொண்டு போகிறவரை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் கூட்டுவதற்கு முன் அதைத் திருப்பியே ஆக வேண்டும். 1 முதல் 5 வரையிலான அளவில் 6இலிருந்து பதிலைக் கழித்தால் போதும்: 1 என்பது 5 ஆகும், 2 என்பது 4 ஆகும், 3 அப்படியே இருக்கும். 1 முதல் 7 வரை என்றால் 8இலிருந்து கழிக்க வேண்டும். திருப்பிய மதிப்புகளைப் பழைய பத்தியின் மேலேயே எழுதாமல் புதுப் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது திருப்பினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, திருப்பியதையே மறுபடி திருப்பிவைக்கும் விபரீதம் நடக்கும்.

திருப்பிய பிறகு க4 பத்தி 5, 4, 4, 3, 1, 1 என்று மற்றவற்றோடு சேர்ந்து இறங்குகிறது. அதன் பரவற்படி மாறவில்லை, அதே 2.8. ஆகவே கூட்டுத்தொகையும் அதே 11.2. மொத்தங்கள்தான் தலைகீழாக மாறிவிட்டன: 22, 19, 19, 14, 10, 6. அவற்றின் பரவற்படி 8.8இலிருந்து 37.6க்குத் தாவிவிட்டது. ஆல்ஃபா இப்போது 0.88.

ஒரே தரவு, அதே ஆறு பேர், ஒரு பத்தியைத் திருப்பியதில் −0.34 என்பது 0.88 ஆகியிருக்கிறது. எதிர்மறை எண் வந்தால் திருப்பாத கூற்று இருப்பது உடனே புரிந்துவிடும், SPSSகூடக் குறியீடுகளைச் சரிபார்க்கச் சொல்லி அடிக்குறிப்பு காட்டும். ஆபத்தானது நடுத்தரமான எண்தான். பத்துக் கூற்றுகளில் ஒன்று மட்டும் திருப்பப்படாமல் இருந்தால் ஆல்ஃபா 0.65 மாதிரி ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். அளவுகோலே சுமார்தான் போலிருக்கிறது என்று எண்ணிக் கூற்றுகளை நீக்கத் தொடங்கிவிடுவோம். நீக்கப்படும் முதல் கூற்றும் பெரும்பாலும் அந்தத் திருப்பாத நல்ல கூற்றாகவே இருக்கும்.

எந்தக் கூற்று ஒட்டவில்லை என்று கண்டுபிடிப்பது

ஆல்ஃபா மொத்தத்துக்கு ஒரு எண். உள்ளே யார் ஒத்துழைக்கவில்லை என்று அது சொல்லாது. அதற்கு ஒவ்வொரு கூற்றையும் எடுத்து, மீதி எல்லாக் கூற்றுகளின் கூட்டுத்தொகையோடு அதற்கு எவ்வளவு ஒட்டுறவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒட்டுறவு 1க்கு அருகே என்றால் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன, 0க்கு அருகே என்றால் தொடர்பில்லை, எதிர்மறை என்றால் எதிர்த்திசை. 'மீதி' என்பதைக் கவனியுங்கள். அந்தக் கூற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு மொத்தத்தோடு ஒப்பிட்டால் தன்னோடு தானே ஒத்துப்போவதும் சேர்ந்து, எண் பொய்யாக ஏறும்.

SPSSஇல் `Analyze > Scale > Reliability Analysis` போய், `Statistics` பொத்தானை அழுத்தி, `Scale if item deleted` என்பதை டிக் செய்தால் ஓர் அட்டவணை வரும். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு பத்திகள்: `Corrected Item-Total Correlation`, `Cronbach's Alpha if Item Deleted`. முதலாவது நாம் இப்போது பேசிய ஒட்டுறவு. இரண்டாவது, அந்தக் கூற்றை எடுத்துவிட்டால் ஆல்ஃபா என்னவாகும் என்பது.

நம் தரவில், க4ஐத் திருப்பிய பிறகு, மீதியோடு உள்ள ஒட்டுறவுகள் இப்படி வருகின்றன: க1 0.94, க2 0.83, க3 0.88, க4 0.95, க5 0.17. திருப்புவதற்கு முன் க4க்கு இதே எண் −0.95 என்று வந்திருக்கும். ஆகவே, இந்தப் பத்தியில் வலுவான எதிர்மறை எண்ணைப் பார்த்தால் முதலில் திருப்ப மறந்தோமா என்று பாருங்கள், நீக்குவது பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

க5இன் கதை வேறு. 0.17 என்பது திசைக் கோளாறு இல்லை, தொடர்பே மிகக் குறைவு. வழக்கமாக 0.3க்குக் கீழே வருவதைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். க5ஐ எடுத்துவிட்டு நான்கு கூற்றுகளுக்குக் கணக்கிட்டால் ஆல்ஃபா 0.96க்கு ஏறுகிறது.

அதற்காக உடனே நீக்கிவிடலாமா? இங்கேதான் எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டுக் கூற்றைப் படிக்க வேண்டும். 'பல மணி நேரம் படிக்கிறேன்' என்பது பதற்றத்தையா அளக்கிறது? பதற்றத்தால் ராப்பகலாகப் படிப்பவரும் உண்டு, பதறிப்போய்ப் புத்தகத்தைத் தொடவே முடியாமல் உட்கார்ந்திருப்பவரும் உண்டு, பதற்றமே இல்லாமல் ஆர்வத்தால் படிப்பவரும் உண்டு. கூற்று அளப்பது உழைப்பை. எழுதும்போதே நுழைந்திருக்கக் கூடாத கூற்று இது, எண் அதைச் சுட்டிக்காட்டியது, அவ்வளவுதான். எனவே நீக்கலாம். நீக்கிய காரணத்தை ஆய்வேட்டில் இப்படியே, பொருளின் அடிப்படையில் எழுத வேண்டும்.

ஒருவேளை 0.17 வந்தது க2க்கு, அதாவது நெஞ்சு படபடப்புக்கு என்றிருந்தால்? தேர்வுப் பதற்றத்தில் உடல் சார்ந்த பகுதி முக்கியமானது. அதை நீக்கினால் ஆல்ஃபா ஏறும், ஆனால் நாம் அளக்க வந்ததில் ஒரு பாதியே காணாமல் போகும். அப்படிப்பட்ட இடத்தில் கூற்றின் வாசகம் குழப்புகிறதா, மொழிபெயர்ப்பில் பொருள் மாறியதா, தட்டச்சில் பத்தி இடம் மாறியதா என்றெல்லாம் முதலில் தேட வேண்டும். இன்னொன்றும் உண்டு. முப்பது பேரிடம் எடுத்த சின்னத் தரவில் ஒவ்வொன்றாகக் கூற்றை நீக்கி ஆல்ஃபாவை ஏற்றிக்கொண்டே போனால், நாம் துரத்துவது அந்த முப்பது பேரின் தற்செயலை. புதிதாக வேறு முப்பது பேரிடம் அதே சுருக்கிய அளவுகோலைக் கொடுத்தால் அந்த ஏற்றம் கரைந்துவிடலாம். முன்னோட்ட ஆய்வில் நீக்கிவிட்டு, முதன்மை ஆய்வில் புதிய ஆட்களிடம் மறுபடி ஆல்ஃபா பார்ப்பது இதற்காகத்தான்.

உயர்ந்த ஆல்ஃபா எதையெல்லாம் மறைக்கும்

குறைந்த ஆல்ஃபா வந்தால் எல்லோரும் காரணம் தேடுகிறார்கள். உயர்ந்த ஆல்ஃபா வந்தால் யாரும் தேடுவதில்லை. என் அனுபவத்தில் ஆய்வேடுகள் தடுக்கி விழுவது அதிகமும் இரண்டாவது இடத்தில்தான்.

முதல் விஷயம், கூற்றுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு ஜோடிக் கூற்றுக்கும் இடையே சராசரியாக 0.3 ஒட்டுறவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லாத ஒட்டுறவு. ஐந்து கூற்றுகள் இருந்தால் ஆல்ஃபா 0.68. அதே தரத்தில் பத்துக் கூற்றுகள் எழுதினால் 0.81. இருபது எழுதினால் 0.90. கூற்றுகளின் தரம் ஒரு துளிகூட உயரவில்லை, எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. இருபத்தைந்து கூற்றுகள் உள்ள அளவுகோலுக்கு 0.85 வந்தது என்று பெருமைப்படுபவரிடம் சராசரி ஒட்டுறவு எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கலாம். மறுபக்கம், மூன்றே கூற்றுகளுக்கு 0.65 வந்தால் அது அத்தனை மோசமும் இல்லை.

அடுத்தது, சொன்னதையே சொல்வது. 'தேர்வுக்கு முன் தூக்கம் வருவதில்லை', 'தேர்வுக்கு முந்தைய இரவு தூங்க முடிவதில்லை', 'தேர்வு என்றால் தூக்கம் கெடுகிறது' என்று ஒன்றையே மூன்றாக எழுதினால் ஆல்ஃபா 0.95ஐத் தாண்டிப் பறக்கும். அளப்பது பதற்றத்தை இல்லை, தூக்கத்தை. உண்மையான தரவில் 0.95க்கு மேல் பார்த்தால் நான் முதலில் கூற்றுகளை வரிசையாக உரக்கப் படித்துப் பார்ப்பேன். நம் நான்கு கூற்றுகளுக்கு 0.96 வந்ததும்கூட நான் எண்களை ஒழுங்காக அடுக்கியதால் வந்ததே தவிர, அப்படி ஒரு எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் மிகவும் நுட்பமானது. ஆல்ஃபா உயர்ந்திருந்தால் எல்லாக் கூற்றுகளும் ஒரே விஷயத்தை அளக்கின்றன என்று பொருள் என்று பல ஆய்வேடுகளில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. ஆறு கூற்றுகள் இருக்கின்றன என்று கொள்வோம். முதல் மூன்று தேர்வுப் பதற்றம் பற்றியவை, அவை தங்களுக்குள் 0.7 ஒட்டுறவோடு இருக்கின்றன. அடுத்த மூன்று விளையாட்டு ஆர்வம் பற்றியவை, அவையும் தங்களுக்குள் 0.7. இந்தக் குழுவுக்கும் அந்தக் குழுவுக்கும் ஒட்டுறவு சுத்தமாகப் பூஜ்யம். ஆறையும் சேர்த்து ஆல்ஃபா கணக்கிட்டால் எவ்வளவு வரும்? மொத்தம் பதினைந்து ஜோடிகள். ஆறு ஜோடிகளுக்கு 0.7, ஒன்பது ஜோடிகளுக்கு 0. சராசரி 0.28. ஆறு கூற்றுகளுக்கு 0.28 சராசரி ஒட்டுறவு என்றால் ஆல்ஃபா கச்சிதமாக 0.70.

பதற்றத்தையும் விளையாட்டு ஆர்வத்தையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவதில் எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் எல்லோரும் தேடும் அந்த 0.70 கிடைத்துவிட்டது. ஆகவே ஆல்ஃபாவை மட்டும் பார்க்காமல் கூற்றுகளுக்கு இடையிலான ஒட்டுறவு அட்டவணையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எண்கள் ஓரளவு ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லது. மேலே ஒரு கொத்து, கீழே ஒரு கொத்து, நடுவே வெறிச்சென்று இருந்தால் அங்கே இரண்டு அளவுகோல்கள் ஒளிந்திருக்கின்றன. இதை முறையாகச் சோதிப்பது காரணிப் பகுப்பாய்வின் வேலை. முதல் ஆய்வில் அது வரை போக முடியாவிட்டாலும் அட்டவணையைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இதே கண்ணியில் மாட்டுவதுதான் கேள்வித்தாள் முழுவதற்கும் ஒரே ஆல்ஃபா போடும் பழக்கம். கேள்வித்தாளில் பதற்றத்துக்கு எட்டுக் கூற்றுகள், தன்னம்பிக்கைக்குப் பத்து, ஆசிரியர் ஆதரவுக்கு ஆறு என்று இருக்கும். இருபத்துநான்கையும் மொத்தமாக மென்பொருளில் தள்ளி 'ஆல்ஃபா 0.83' என்று எழுதிவிடுவார்கள். மூன்று அளவுகோல் இருந்தால் மூன்று ஆல்ஃபா வர வேண்டும், தனித்தனியாக. சிலர் வயதையும் வகுப்பையும் சேர்த்தே உள்ளே தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பு வரும், பட்டியலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகர்த்தும்போது சுலபமாக நடந்துவிடும்.

ஆல்ஃபாவே பொருந்தாத பட்டியல்களும் இருக்கின்றன. 'கடந்த ஓராண்டில் உங்களுக்கு நடந்தவற்றைக் குறியுங்கள்: வீடு மாறியது, நெருங்கியவர் இறந்தது, வேலை போனது' என்று நிகழ்வுகளைக் கேட்டால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. வீடு மாறியவருக்கு வேலை போயிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே குறைந்த ஆல்ஃபா ஒரு குறையே கிடையாது.

0.7 என்ற கோடு

இந்தச் சூத்திரத்தை லீ குரோன்பாக் 1951இல் விரிவாக எழுதினார். லூயி கட்மன் 1945லேயே இதே அளவைக் கொடுத்திருந்தார். பெயர் மட்டும் குரோன்பாக்குக்கு ஒட்டிக்கொண்டது, அதில் அவருக்கே கூச்சம்தான் என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 0.7 என்ற எல்லையோ அவர் வகுத்தது அல்ல. ஜம் நன்னலி 1978இல் எழுதியதிலிருந்துதான் பெரும்பாலும் அது எடுத்தாளப்படுகிறது. அவரும் ஆய்வின் ஆரம்பக் கட்டத்துக்குத்தான் 0.70 போதும் என்றார். அடிப்படை ஆய்வுக்கு 0.80ஐயும், ஒரு தனிமனிதரைப் பற்றி முக்கிய முடிவெடுக்கும் சோதனைக்குக் குறைந்தது 0.90ஐயும் சொன்னார். எனவே 0.69 வந்தால் ஆய்வு தோற்றுவிட்டது என்றும் இல்லை, 0.71 வந்தால் எல்லாம் சுபம் என்றும் இல்லை. ஐம்பது பேரிடம் எடுத்த தரவில் இந்த இரண்டு எண்களுக்கும் உண்மையில் வித்தியாசம் கிடையாது.

நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று, ஆல்ஃபா கேள்வித்தாளின் நிரந்தரச் சொத்து அல்ல, இந்த ஆட்களிடம் கிடைத்த இந்தப் பதில்களுக்கு உரியது. வேறொருவர் உருவாக்கி 0.89 என்று அறிவித்த அளவுகோலை எடுத்துக்கொண்டாலும் உங்கள் தரவில் புதிதாகக் கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும். மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால் கேட்கவே வேண்டாம். ஆட்களின் தன்மையும் எண்ணை மாற்றும். எல்லோருமே கிட்டத்தட்ட ஒரே அளவு பதறும் ஒரு வகுப்பில் மட்டும் தரவு எடுத்தால், மொத்தங்கள் சிதற இடமே இருக்காது. சூத்திரத்தில் கீழே நிற்பது மொத்தத்தின் பரவற்படி என்பதை நினைத்துப் பார்த்தால், நல்ல அளவுகோலுக்கும் அங்கே ஆல்ஃபா ஏன் இறங்குகிறது என்பது விளங்கும்.

சில துறைகளில் இப்போது ஆல்ஃபாவுடன் மெக்டொனால்டின் ஒமேகாவையும் கேட்கிறார்கள். எல்லாக் கூற்றுகளும் அடிப்படைப் பண்போடு ஒரே அளவு பிணைந்திருக்கின்றன என்று ஆல்ஃபா எடுத்துக்கொள்கிறது, ஒமேகா அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வழிகாட்டி கேட்டால் இரண்டையும் கொடுங்கள், கேட்காவிட்டால் முதல் ஆய்வுக்கு ஆல்ஃபாவைப் புரிந்து எழுதினாலே போதும்.

ஆய்வேட்டில் எழுதும்போது எண்ணை மட்டும் வீசிவிட்டுப் போகாமல், அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டு உண்மையான முன்னோட்ட ஆய்வாக இருந்து, நாற்பது பேரிடம் இதே எண்கள் வந்திருந்தால், நான் இப்படி எழுதுவேன்:

"தேர்வுப் பதற்ற அளவுகோலில் முதலில் ஐந்து கூற்றுகள் இருந்தன. எதிர்த்திசையில் அமைந்த க4 திருப்பிக் கணக்கிடப்பட்டது. ஐந்து கூற்றுகளுக்கும் ஆல்ஃபா 0.88. க5 மீதிக் கூற்றுகளோடு 0.17 மட்டுமே ஒட்டுறவு காட்டியது. பதற்றத்தை விடப் படிப்பு உழைப்பையே அது குறிப்பதாலும் நீக்கப்பட்டது. மீதி நான்கு கூற்றுகளுக்கு ஆல்ஃபா 0.96. முதன்மை ஆய்வில் இந்த நான்கு கூற்றுகளே பயன்படுத்தப்பட்டு, ஆல்ஃபா அந்தத் தரவில் மீண்டும் கணக்கிடப்பட்டது."

கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் முதன்மை ஆய்வின் எண்ணும் வர வேண்டும். அது பெரும்பாலும் முன்னோட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், அப்படியே எழுதிவிடுங்கள்.